இனி வியாழக்கிழமைகளில் மட்டும்: சப்ளையர்களுக்கான ஓர் அறிவிப்பைத் திருத்தியபோது

கைக்கு வந்த வரைவு இப்படி இருந்தது:

> பொருள்: பணப்பட்டுவாடா நடைமுறை மாற்றம் தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், இதன்மூலம் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தங்களுக்கு மேலும் சிறப்பான சேவை வழங்கும் நோக்கில் எமது நிறுவனத்தின் பணப்பட்டுவாடா நடைமுறைகள் சீரமைக்கப்பட்டுள்ளன. அதன்படி அடுத்த மாதம் முதல் அனைத்துக் கொடுப்பனவுகளும் பிரதி வியாழக்கிழமை மட்டுமே மேற்கொள்ளப்படும். திங்கள் மாலைக்குள் பெறப்படும் பில்கள் மட்டுமே அவ்வாரம் பரிசீலிக்கப்படும். இடைப்பட்ட நாட்களில் பணம் கோரி அலுவலகத்தைத் தொடர்புகொள்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அவசரத் தேவைகள் தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்கப்படும். தங்கள் மேலான ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறோம்.

உதிரிபாகம் செய்யும் நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றின் அக்கவுண்ட்ஸ் மேலாளர் அனுப்பியது. நிறுவனம் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். “விஷயம் எல்லாம் சரியா இருக்கு சார், தமிழை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க” என்றார் போனில். தமிழில் பெரிய பிழை எதுவும் இல்லை. அரசு அலுவலக வாடை அடிக்கிறது, அவ்வளவுதான். அதை அரை மணி நேரத்தில் போக்கிவிடலாம். ஆனால் இதைப் படிக்கும் சப்ளையருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: என் பில்லுக்கு என்றைக்குப் பணம் வரும்? வரைவை மூன்று முறை படித்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

அதுவரை அங்கே இருந்த வழக்கம் இது. பணம் வேண்டும் என்றால் சப்ளையர் பர்ச்சேஸ் ஆளுக்குப் போன் போடுவார். பர்ச்சேஸ் ஆள் அக்கவுண்ட்ஸ் மேசைக்கு வந்து நிற்பார். அங்கே வவுச்சர் போட்டு, வங்கித் தளத்தில் ஏற்றி, ஒப்புதல் தரும் இருவரையும் தேடிப் பிடித்து அனுமதி வாங்குவார்கள். ஒரு நாளில் இது பல தடவை நடக்கும். குரல் உயர்த்திப் பேசும் சப்ளையருக்குக் கெடு வருவதற்கு முன்பே பணம் போகும். பேசாமல் இருப்பவருக்குக் கெடு தாண்டியும் போகாது. அவசரத்தில் அனுப்புவதால், மின்னஞ்சலில் வந்த பில் நகலுக்கு ஒரு தடவையும் தபாலில் வந்த அசலுக்கு இன்னொரு தடவையும் பணம் போன சம்பவமும் உண்டு. வாரம் ஒரு நாள் என்று முடிவெடுத்ததில் தவறே இல்லை. எல்லாப் பில்லையும் ஒரே பட்டியலாகப் பார்க்கும்போது இரட்டைப் பில் கண்ணில் படும், கையெழுத்துப் போடுபவரும் நிதானமாகப் பார்ப்பார்.

நான் மொழியைத் தொடுவதற்கு முன் மேலாளரிடம் ஒரு கணக்கைக் கேட்டேன். ஜூன் மாதத்தில் வியாழக்கிழமைகள் 4, 11, 18, 25. முப்பது நாள் தவணை உள்ள ஒரு பில்லின் கெடு 13ஆம் தேதி, சனிக்கிழமை. அதற்கு 11ஆம் தேதி பணம் தருவீர்களா, 18ஆம் தேதியா?

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “பதினெட்டுதான் சார், கெடு வந்தபிறகுதானே கொடுப்போம்” என்றார். பர்ச்சேஸ் தலைவரிடம் அதே கேள்வியைத் தனியாகக் கேட்டபோது, “பதினொண்ணு. கெடு தாண்டக் கூடாது இல்லையா” என்றார். அறிவிப்பு அனுப்பும் அளவுக்கு வந்துவிட்ட நிறுவனத்தில் இரண்டு பெரிய ஆட்கள் இரண்டு விதமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ‘பிரதி வியாழக்கிழமை மேற்கொள்ளப்படும்’ என்ற வாக்கியம் இரண்டுக்கும் பொருந்துவதால், கையெழுத்து வாங்கப் போனபோதும் யாருக்கும் உறுத்தவில்லை. இப்படிப்பட்ட வாக்கியத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் தெளிவு வராது. உள்ளே முடிவு எடுக்கப்படவே இல்லை.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். கெடுவுக்குப் பிந்தைய வியாழன் என்று வைத்தால், வியாழனன்று கெடு உள்ள பில்லுக்குத் தாமதம் இல்லை. வெள்ளிக் கெடுவுக்கு 6 நாள், சனிக்கு 5, ஞாயிறுக்கு 4, திங்களுக்கு 3, செவ்வாய்க்கு 2, புதனுக்கு 1. பில்கள் எல்லாக் கிழமைகளிலும் சமமாகப் பரவியிருந்தால் சராசரி 3 நாள். அதாவது முப்பது நாள் தவணை சத்தமில்லாமல் முப்பத்து மூன்று நாளாகிறது, சிலருக்கு முப்பத்தாறு. கெடுவுக்கு முந்தைய வியாழன் என்று வைத்தால் இதே சராசரி நிறுவனத்தின் பக்கம் விழும். அவர்கள் மூன்று நாள் முன்னதாகப் பணத்தைக் கொடுப்பார்கள்.

மூன்று நாள் பெரிய விஷயமா என்று மேலாளர் கேட்டார். பணத்தின் அளவைப் பொறுத்துச் சின்ன விஷயமாகவே இருக்கலாம். ஆனால் பிந்தைய வியாழன் என்றால் அது ஒப்பந்தத்தில் உள்ள தவணையை மாற்றுவது. அதை ஒரு பக்கம் மட்டும் அறிவிப்பு அனுப்பி மாற்ற முடியாது, எதிராளியின் சம்மதம் வேண்டும். சிறு சப்ளையர்களுக்கு இத்தனை நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று சட்டமே எல்லை வகுத்திருக்கும் இடங்களில், அந்த எல்லையை ஒட்டித் தவணை வைத்திருப்பவர்களுக்கு ஆறு நாள் தள்ளுவது சட்டத்தை மீறுவதாகவே முடியும். முந்தைய வியாழன் என்றால் யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ‘உங்கள் தவணையில் மாற்றம் இல்லை’ என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதலாம்.

நிதித் தலைவர் வரை போய் முந்தைய வியாழன் என்று முடிவானது. அந்த ஒரு முடிவு வந்ததும் அறிவிப்பின் பாதி தானாகவே எழுதிக்கொண்டது.

மறுபாதிதான் சிக்கல். இந்த நிறுவனத்துக்கு இரண்டு வகை சப்ளையர்கள். மூலப்பொருள், பேக்கிங் பொருள் தருபவர்களுக்கு முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று தவணை உண்டு. அவர்களுக்கு வியாழன் முறை கிட்டத்தட்ட லாபம். இன்னொரு வகை, பில் கொடுத்ததும் பணம் என்ற பேச்சில் வேலை செய்பவர்கள்: லாரிக்காரர், மெஷின் பழுது பார்ப்பவர், கூலிக்கு வேலை செய்து தரும் சின்னப் பட்டறைகள். இவர்களுக்குத் தவணையே கிடையாது. காலையில் பில் கொடுத்தால் சாயங்காலம் பணம் என்பதுதான் இத்தனை வருஷ வழக்கம். பல பேருக்கு அதை நம்பித்தான் டீசல் போடுவதும் ஆள் கூலி கொடுப்பதும்.

வரைவின்படி இவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? பில்லைச் சரிபார்த்து முடிக்கும் கடைசி நேரம் திங்கள் மாலை 5 மணி. திங்கள் நாலரைக்கு முடிந்த பில்லுக்கு மூன்று நாளில், அந்த வியாழனே பணம். ஐந்தரைக்கு முடிந்தால் அடுத்த திங்கள்வரை இருந்து, அதற்கப்புறம் வரும் வியாழன், ஆகப் பத்து நாள். ஒரு மணி நேர வித்தியாசத்தில் ஒரு வாரம் போகிறது. ‘மேலும் சிறப்பான சேவை வழங்கும் நோக்கில்’ என்று தொடங்கும் கடிதத்தை இந்த லாரிக்காரர் படித்தால் அவருக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். இரு வகையினருக்கும் ஒரே அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

தவணை உள்ளவர்களுக்கு அறிவிப்பு. தவணை இல்லாதவர்களுக்குச் சம்மதம் கேட்கும் தனிக் கடிதம் என்று பிரித்தோம். இரண்டாவது கடிதத்தில் இழப்பை மூடி மறைக்காமல் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினேன். ‘இதுவரை பில் கொடுத்த அன்றே பணம் பெற்றுவந்தீர்கள். இனி வியாழக்கிழமைகளில் மட்டுமே தர முடியும் என்பதால் நீங்கள் சில நாள் காத்திருக்க வேண்டிவரும்.’ இதை எழுதிக் காட்டியதும் பர்ச்சேஸ் தலைவரே, “அவங்களைப் பத்து நாள் நிக்கவைக்க முடியாதுங்க” என்றார். இவர்களுடைய பில்களில் சரக்கு வரவை ஒப்பிடும் வேலை இல்லை, வேலை முடிந்தது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆகவே இவர்களுக்கு மட்டும் கடைசி நேரத்தைப் புதன் நண்பகலுக்குத் தள்ளினார்கள். காத்திருப்பு ஒரு நாளிலிருந்து எட்டு நாளுக்குள் வந்தது. உண்மையை அப்பட்டமாக எழுதிப் பார்த்ததால் கிடைத்த சலுகை அது. மழுப்பலாக எழுதியிருந்தால் கையெழுத்தாகிப் போயிருக்கும்.

இனி முதல் அறிவிப்புக்கு வருகிறேன்.

பணம் தரும் நாளை மாற்றுகிறோம் என்று எந்த நிறுவனம் எழுதினாலும் பணம் பெறுபவர் மனதில் முதலில் எழும் சந்தேகம், இவர்களுக்குப் பணமுடையா என்பதுதான். இதற்கு மேலாளர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இம்மாற்றத்துக்கும் நிறுவனத்தின் நிதிநிலைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.’ நான் வேண்டாம் என்றேன். அதுவரை சந்தேகப்படாதவரையும் அந்த வரி சந்தேகப்பட வைக்கும். சந்தேகத்தைப் போக்குவது இரண்டு உண்மைகள்: ஒன்று, எந்தப் பில்லும் கெடு தாண்டாது. இரண்டு, ஏற்கெனவே கெடு தாண்டி நிற்கும் பில்கள் புதிய முறை தொடங்கும் முன்பே தீர்க்கப்படும். இரண்டாவதை எழுத வேண்டும் என்றால் அதைச் செய்தாகவும் வேண்டும். பாக்கிப் பட்டியலை எடுத்துப் பார்த்து, மே 29க்குள் முடித்துவிடலாம் என்று அக்கவுண்ட்ஸ் உறுதி சொன்ன பிறகே அந்த வாக்கியம் உள்ளே போனது. பழைய பாக்கி நிற்கும்போது புதிய முறை பற்றிக் கடிதம் வந்தால், அது எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் இழுத்தடிப்பாகத்தான் படிக்கப்படும்.

காரணம் எவ்வளவு சொல்வது என்பது அடுத்த பேச்சு. ‘சிறப்பான சேவை’ போனது. அதற்குப் பதில் ஒரே வாக்கியம்: ஒவ்வொரு நாளும் தனித்தனியாகப் பணம் அனுப்பியதில் சிலருக்குக் கெடு தாண்டியதும், ஒரே பில்லுக்கு இருமுறை பணம் சென்றதும் நடந்தது, அவற்றைத் தவிர்க்கவே இது. உள் குறையை வெளியே சொல்ல வேண்டுமா என்று நிதித் தலைவர் தயங்கினார். கடைசியில் இரட்டைப் பணம் போன விஷயத்தை எடுத்துவிட்டு, கெடு தாண்டியதை மட்டும் வைத்துக்கொண்டார். நியாயமான வெட்டுதான். கெடு தாண்டியதை அனுபவித்தவர்கள் சப்ளையர்கள், அது அவர்களுக்குத் தெரிந்த கதை. இரட்டைப் பணம் நிறுவனத்தின் சொந்தக் கதை.

‘பணம் கோரித் தொடர்புகொள்வதைத் தவிர்க்குமாறு’ என்ற வரியையும் எடுத்தேன். எழுதியவர் மனநிலை புரிகிறது, நாள் முழுக்கப் போன் எடுத்தே அலுத்தவர். ஆனால் தனக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றிக் கேட்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய தேவை இல்லாமல் செய்யலாம். பில்லின் கெடுவை வைத்து அவரே தேதியைக் கண்டுபிடித்துவிட்டால் போன் தானே குறையும். அதனால் அந்த இடத்தில் ஓர் எடுத்துக்காட்டு வைத்தோம், கிழமையும் தேதியும் சேர்த்து.

‘பெறப்படும் பில்கள்’ என்பதிலும் ஓட்டை இருந்தது. சப்ளையர் நினைப்பது, பில்லைத் திங்கள் மூன்று மணிக்கு வாசலில் கொடுத்தால் அது பெறப்பட்ட பில். அக்கவுண்ட்ஸ் நினைப்பது, பில்லும் பர்ச்சேஸ் ஆர்டரும் ஸ்டோர்ஸின் சரக்கு வரவுச் சீட்டும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகுதான் அது பட்டியலுக்கு வரும். அளவில் பத்து எண்ணிக்கை வித்தியாசம் இருந்தாலும் பில் நிற்கும். அறிவிப்பில் இந்த மூன்று காகிதங்களையும் பெயர் சொல்லி எழுதினோம். கூடவே ஒரு வரி: பொருந்தவில்லை என்றால் இரண்டு வேலை நாளுக்குள் நாங்களே காரணத்தைத் தெரிவிப்போம். இந்த வரி இல்லாவிட்டால், பில் எங்கே நிற்கிறது என்று தெரியாத சப்ளையர் அடுத்த வியாழன்வரை காத்திருந்து ஏமாந்த பிறகுதான் போன் செய்வார். அதற்குள் இன்னொரு வாரமும் கை நழுவியிருக்கும்.

இதோடு ஒட்டிய கேள்வி, தாமதம் நிறுவனத்தின் தவறாக இருந்தால்? சரக்கு வந்து இறங்கியும் ஸ்டோர்ஸில் வரவு வைக்க மறந்துவிட்டார்கள், பில் திங்கள் கடைசி நேரத்தைத் தவறவிட்டது, கெடு சனிக்கிழமை. விதிப்படி அடுத்த வியாழன் என்றால் கெடு தாண்டிவிடும். ‘எந்தப் பில்லும் கெடு தாண்டாது’ என்று மேலே எழுதியது பொய்யாகிவிடும். இங்கேதான் விதிவிலக்குப் பத்தி அமைந்தது. வரைவில் இருந்த ‘அவசரத் தேவைகள் தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்கப்படும்’ என்பது பழைய வழக்கத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே விடும் வாக்கியம். எல்லாருடைய தேவையும் அவசரம்தான், எல்லாருக்கும் தகுதி இருப்பதாகத்தான் அவரவர் நினைப்பார்கள். அதற்குப் பதில், வியாழன் அல்லாத நாளில் பணம் போவது இரண்டே காரணங்களுக்கு என்று வரையறுத்தோம்: எங்கள் பக்கத் தாமதத்தால் கெடு தாண்டப்போகும் பில், ஒப்பந்தத்திலேயே முன்பணம் என்று எழுதியிருப்பது. கேட்பது சப்ளையர் அல்ல, அவரோடு தொடர்பில் உள்ள நிறுவனத்தின் பர்ச்சேஸ் அதிகாரி எழுத்தில் கேட்க வேண்டும், நிதித் தலைவர் ஒப்புதல் தர வேண்டும்.

சீக்கிரம் பணம் தந்தால் தள்ளுபடி என்ற ஏற்பாடு சில சப்ளையர்களுடன் இருந்தது. பத்து நாளுக்குள் தந்தால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். வெள்ளி 5ஆம் தேதி பில் வந்தால் பத்தாம் நாள் 15, திங்கள். அதற்கு முந்தைய வியாழன் 11, அதற்கான கடைசி நேரம் 8ஆம் தேதி மாலை. இடையில் சனி, ஞாயிறு. சரிபார்க்க முழுதாக இரண்டு வேலை நாள்கூட இல்லை, பெரும்பாலும் தள்ளுபடி போய்விடும். இது நிறுவனத்தின் நஷ்டம், சப்ளையருடையது அல்ல. ஆகவே அறிவிப்பில் இதற்கு இடமில்லை. அக்கவுண்ட்ஸின் உள்குறிப்பில் மட்டும், தள்ளுபடிப் பில்களைத் தனி நிறக் கோப்பில் வைத்து முதலில் சரிபார்ப்பது என்று சேர்த்தார்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள். வரைவில் பணம் ‘மேற்கொள்ளப்படும்’ என்று இருந்தது. வங்கிக்கு அனுப்புவதா, கணக்கில் சேர்வதா? நிறுவனத்தின் கையில் இருப்பது அனுப்புவது மட்டும். வியாழன் மதியம் அனுப்பினாலும் எதிர் வங்கியைப் பொறுத்துச் சிலருக்கு வெள்ளிதான் தெரியும். எனவே ‘அனுப்புவோம்’ என்று எழுதி, சேரும் நேரம் பற்றி ஒரு வரி தனியாக வைத்தோம். அடுத்தது, வியாழன் விடுமுறையாக இருந்தால் முந்தைய வேலை நாள். பிந்தைய நாள் என்றால் கெடு வாக்குறுதி உடையும். நாள் முன்னால் நகரும்போது திங்கள் கடைசி நேரமும் கூடவே நகர்கிறதா என்பதையும் சொல்லியாக வேண்டும். நகராது என்று முடிவு செய்தார்கள், அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு அந்த வாரம் கொஞ்சம் நெருக்கடி, அவ்வளவுதான்.

பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு திருத்தம். வரைவின் கீழே, ‘தங்கள் வங்கிக் கணக்கு விவரங்களை உறுதிசெய்து பதில் அனுப்பவும்’ என்று ஒரு வரியைச் சேர்க்க அக்கவுண்ட்ஸில் ஒருவர் யோசனை சொன்னார். எப்படியும் கடிதம் போகிறது, அதோடு இதையும் வாங்கிவிடலாமே என்று. பேமெண்ட் முறை மாறுகிறது, வங்கி விவரம் அனுப்புங்கள் என்று நிறுவனப் பெயரில் வரும் கடிதம் மோசடிக்காரர்கள் வழக்கமாக எழுதும் கடிதமேதான். நாமே அப்படி ஒன்றை அனுப்பிவிட்டால், அடுத்த வாரம் வேறொருவன் அதே வார்த்தைகளில் அனுப்பும்போது சப்ளையர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? அதனால் நேர் எதிராக எழுதினோம்: இந்த மாற்றத்துக்காக உங்கள் வங்கி விவரம் எதுவும் தேவையில்லை, யாராவது கேட்டால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தில் புதிய தொலைபேசி எண்ணோ சொடுக்க வேண்டிய இணைப்போ ஒன்றும் வைக்கவில்லை. ஏற்கெனவே உள்ள எண் என்று சொல்வதன் பயனே அதில்தான் இருக்கிறது.

அனுப்பும் முன் ஒரு சோதனை. ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒருவரிடம், இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளாதவர், அறிவிப்பையும் மூன்று கற்பனைப் பில்களையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பணம் போகும் தேதியை எழுதச் சொன்னோம். சனிக்கிழமைக் கெடுவுக்கு 11 என்று சரியாக எழுதினார். செவ்வாய் 16 கெடுவுக்கும் 11 என்று சரியாகவே வந்தது. மூன்றாவது பில்லின் கெடு 18, அதுவே வியாழன். அதற்கும் 11 என்று எழுதினார். “கெடுவுக்கு முந்தைய வியாழன்னு போட்டிருக்கே மேடம்” என்று மேலாளருக்குப் பக்கத்தில் இருந்த கணக்காளரிடம் காட்டினார். அவர் படித்தது சரி, எழுதியதுதான் அரைகுறை. ‘கெடு நாள் வியாழன் என்றால் அன்றே, வேறு கிழமை என்றால் அதற்கு முந்தைய வியாழன்’ என்று மாற்றினோம். இந்த ஒரு வரிக்காகவே அந்தச் சோதனை தகும்.

கடைசியில் போன அறிவிப்பு இது:

> பொருள்: ஜூன் 4 முதல் வியாழக்கிழமைகளில் பேமெண்ட். உங்கள் தவணையில் மாற்றம் இல்லை.
>
> வணக்கம்.
>
> ஜூன் 4 முதல் சப்ளையர்களுக்கான பணத்தை வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை அனுப்புவோம். இதுவரை கேட்கும் நாளில் அனுப்பிவந்ததால் சிலருடைய பில்கள் கெடு தாண்டின. அதைத் தவிர்க்கவே இந்த மாற்றம்.
>
> உங்கள் பில்லின் கெடு நாள் வியாழன் என்றால் அன்றே பணம் அனுப்புவோம். வேறு கிழமை என்றால் அதற்கு முந்தைய வியாழன் அனுப்புவோம். எடுத்துக்காட்டு: கெடு ஜூன் 13, சனி என்றால் பணம் ஜூன் 11, வியாழன் அனுப்பப்படும். உங்கள் வங்கியைப் பொறுத்து அது அன்றோ மறுநாளோ கணக்கில் சேரும். வியாழன் விடுமுறை என்றால் முந்தைய வேலை நாளில் அனுப்புவோம்.
>
> ஒரு வியாழனில் பணம் வர, அந்த வாரம் திங்கள் மாலை 5 மணிக்குள் பில், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு மூன்றும் பொருந்தியிருக்க வேண்டும். பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு, சரக்குடன் அனுப்பினால் இது விரைவாக முடியும். ஏதாவது பொருந்தவில்லை என்றால், பில் கிடைத்த இரண்டு வேலை நாளுக்குள் காரணத்தைத் தெரிவிப்போம்.
>
> எங்கள் தரப்புத் தாமதத்தால் கெடு தாண்டக்கூடிய பில்களுக்கும், ஒப்பந்தத்தில் உள்ள முன்பணத்துக்கும் மட்டும் வேறு நாளில் பணம் அனுப்புவோம். அதற்கு உங்களோடு தொடர்பில் உள்ள எங்கள் பர்ச்சேஸ் அதிகாரியிடம் சொல்லுங்கள்.
>
> இன்று கெடு தாண்டி நிற்கும் பில்கள் அனைத்தும் மே 29க்குள் தீர்க்கப்படும்.
>
> இந்த மாற்றத்துக்காக உங்கள் வங்கி விவரம் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை. எங்கள் பெயரில் யாராவது கேட்டால், அனுப்பாமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணில் கேளுங்கள்.

பொருள் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. சப்ளையர் அலுவலகத்தில் இதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, வசூல் பார்க்கும் ஊழியர். அவர் பொருள் வரியை மட்டும் படித்து முதலாளியிடம் வாயால் சொல்லுவார். அவர் வாயில் ‘பேமெண்ட் முறை மாறுதாம்’ என்று போவதற்கும் ‘வியாழக்கிழமை தர்றாங்களாம், தவணை அதேதான்’ என்று போவதற்கும் வித்தியாசம் உண்டு.

அறிவிப்பு மே முதல் வாரம் போனது, முதல் வியாழனுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பு. தவணை உள்ளவர்களிடமிருந்து எதிர்ப்பு என்று ஒன்றும் வரவில்லை. தவணை இல்லாதவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். இரண்டு லாரிக்காரர்கள் முடியாது என்றார்கள். ஒருவருக்கு மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையை முன்பணமாகத் தந்து, அந்த மாதக் கடைசி பில்லில் கழித்துக்கொள்வது என்று ஏற்பாடானது. இன்னொருவர் விலகிவிட்டார். அதை எந்தக் கடிதமும் தடுத்திருக்காது.

போன் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கேள்வி மாறியது. முன்பு ‘எப்போ தருவீங்க’ என்று கேட்டவர்கள் இப்போது திங்கள் மாலையிலும் செவ்வாய்க் காலையிலும் ‘இந்த வாரப் பட்டியல்ல என் பில் இருக்கா’ என்று கேட்டார்கள். விதி தெரிந்துவிட்டது, தன் பில் பொருந்தியதா என்பதுதான் தெரியவில்லை. ஜூலையிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் நண்பகலில், அந்த வியாழன் போகும் பில் எண்களும் தொகையும், நிற்கும் பில் எண்களும் காரணமும் அந்தந்த சப்ளையருக்கு மின்னஞ்சலில் போகின்றன. அறிவிப்பின் மறுபதிப்பில் ‘இரண்டு வேலை நாளுக்குள்’ என்ற வரிக்குக் கீழே அதையும் சேர்த்திருக்கிறார்கள்.